நாலு போத்தல் தண்ணீர்

எனக்கு அருவருப்பு அதிகம். பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் இறங்கி நடந்தே போய்விடுவேன். பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது ஒருநாள்கூட நான் கழுவிவிட்டதில்லை. பீத்துணியைக் கண்டால் இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி ஓடுவேன். அதெல்லாம் பொம்பளை வேலை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு முப்பது வருஷம் சுகமாகக் காலம் தள்ளினேன். ஒரு மழை நாளில் என் மனைவி தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அன்றைக்கு என் சுகம் முடிந்தது.

தொடையிலிருந்து பாதம்வரை மாக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, நானுஓயாவுக்கு மேலே, மலைச்சரிவில். கக்கூசு முப்பது படிக்குக் கீழே. அவளை எப்படி இறக்குவது? ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் ஒரு பெட்பேன் வாங்கினேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் படகு மாதிரி ஒரு சனியன். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் வேலையில். பக்கத்துக் காம்பராக்காரர்கள் விடிந்தால் மலைக்குப் போய்விடுவார்கள். ஃபெக்டரியில் லீவு சொல்லிவிட்டு நான்தான் வீட்டில் உட்கார்ந்தேன்.

மூத்திரம் பரவாயில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டால் கொட்டிவிட்டு வந்துவிடலாம். மற்றது வருமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெண்டாட்டிக்கு வயிறு கல்லாகிக்கொண்டிருக்கிறது, இங்கே ஒருவன் உள்ளுக்குள் தப்பித்தோம் என்று இருக்கிறான். இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

ஆறாம் நாள் அவள் ரொட்டியைத் தொடவில்லை. வயிற்றைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் அடியில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

டிஸ்பென்சரி ஐயாவைக் கூட்டிவந்தேன். தோட்டத்து மருந்துச்சாலையைப் பல வருஷமாகப் பார்த்துவருகிற மனுஷர். அவர் முதலில் அவளைப் பார்க்கவில்லை, பெட்பேனைத்தான் பார்த்தார். உள்ளே கிடந்தது, பால் ஊற்றாத தேநீர் மாதிரி, கடுஞ்சாயம் நிறத்தில் இருந்தது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?” என்று கேட்டார்.

“ரெண்டு கோப்ப சாயத்தண்ணி ஐயா.”

அவள் பொய் சொல்லவில்லை. மலையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் அதுதான் அளவு. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் சாயந்தரம் கொழுந்து நிறுக்கிறவரைக்கும் ஒதுங்க இடமில்லை. தேயிலைச் செடி இடுப்பளவு. மேலே கங்காணி, கீழே மருந்தடிக்கிற ஆம்பளைகள், அட்டை வேறு. குடித்தால்தானே முட்டும்? ஆகையால் குடிக்கமாட்டார்கள். முட்டினாலும் இறுக்கிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்கள். என் மனைவி இருபத்தெட்டு வருஷம் அப்படி அடக்கியவள். ஒண்ணுக்கை மட்டுமல்ல, எல்லாவற்றையும். கட்டிலில் படுத்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“ஒடம்புல தண்ணி பத்தல. ஒரு நாளைக்கு எட்டுக் கோப்ப குடிக்கட்டும், சாயத்தண்ணி, ரசம் எல்லாம் சேத்து. கீரை குடு, பப்பாசி குடு. மூணு நாளுல சரியா போகலைனா என்கிட்ட வந்து சொல்லு, வேற மருந்து பாக்கணும்” என்றார் ஐயா.

அவர் சொன்னதில் தண்ணீர் மட்டும்தான் என் காதில் விழுந்தது. பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சி, ஆறவைத்துக் கொடுத்தேன். மறுநாளே மூத்திரத்தின் நிறம் வெளுத்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் ஆட்டுப்புழுக்கை மாதிரி நாலைந்து விழுந்தன. முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, கையை முடிந்த மட்டும் நீட்டிப் பிடித்தபடி, முப்பது படியும் என்னை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன். இருந்தாலும் தண்ணீர் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

அதோடு நின்றுவிட்டது. அடுத்த மூன்று நாள் ஒன்றுமில்லை. ஐயாவிடம் போயிருக்க வேண்டும். எனக்கோ மூளை அதிகம். எட்டுக் கோப்பைக்கு நாலு புழுக்கை என்றால் இருபது கோப்பைக்கு எவ்வளவு வரும்? இதுக்கு எதுக்கு டாக்டர்? ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் நாலை எடுத்துக் கழுவி, நிரப்பி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய்வதற்குள் ஒன்று. கட்டில் தலைமாட்டில் நின்று, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

“போதுங்க, வயிறு குலுங்குது.”

“குடி.”

“எல்லாம் ஒண்ணுக்காத்தாங்க போகுது.”

“குடின்னா குடி. ஒங்கிட்ட கேட்டா ஐயா மருந்து சொன்னாரு?”

ஐயா நாலு போத்தல் சொல்லவே இல்லை. அது என் கணக்கு. ஆனால் வாயில் ஐயா பெயர்தான் வந்தது.

அவள் சொன்னதுதான் சரி. பெட்பேன் காலியாக இருக்க நேரமில்லை. பதினைந்து தடவை, பதினாறு தடவை தூக்கினேன். உள்ளே இருந்தது பீலித் தண்ணீர் மாதிரியே நிறமில்லாமல் தெளிந்திருந்தது. உள்ளே போன தண்ணீர் அப்படியே வெளியே வருகிறதே, குடலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லையே என்று ஒரு மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. உடம்பு சுத்தமாகிறது என்று நினைத்தேன். வயிறு முழுக்கத் தண்ணீர் என்றால் சோறு எங்கே இறங்கும்? இரண்டு வாய் கஞ்சியோடு சரி, அதுவும் உப்பில்லாமல். பிரஷருக்கு மாத்திரை போடுகிறவளுக்கு உப்பு ஆகாது என்று அதையும் நானே நிறுத்தியிருந்தேன். பிரஷர் மாத்திரையும் கால் வலிக்குக் கொடுத்த மாத்திரையும் மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தேன். அதில் நான் ரொம்பக் கறார்.

ஒருநாள் காலையில் காம்பராவுக்குள் நுழைந்ததும் நாற்றம் மூஞ்சியில் அடித்தது. செத்த எலியும் சாணியும் சேர்ந்து அழுகினமாதிரி ஒரு நாற்றம். போர்வையைத் தூக்கினேன். படுக்கை நனைந்திருந்தது. மஞ்சளும் கறுப்புமாகத் தண்ணீர், கொழகொழவென்று, மாக்கட்டின் ஓரம்வரை ஊறியிருந்தது. நான் வாசலுக்கு ஓடிப்போய்க் காலையில் குடித்த சாயத்தண்ணியை அப்படியே கக்கினேன்.

நிமிர்ந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வெற்றிச் சிரிப்பு வந்தது.

“ஒடஞ்சிருச்சு புள்ள! அடைப்பு ஒடஞ்சிருச்சு!”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “ஒண்ணும் ஒடையலங்க. கல்லு மாதிரி ஒண்ணு அங்கயேதான் நிக்கிது. இது எனக்குத் தெரியாமலே வருது.”

“அப்ப இது என்ன, பன்னீரா?”

சேலையையும் பழைய போர்வைகளையும் கிழித்து அவளுக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கும் மறுநாளும் அந்தத் துணிகளைக் குச்சியால் தூக்கினேன். ஆமாம், குச்சியால்தான். அவள் கண்ணெதிரே, மூக்கைச் சுளித்துக்கொண்டு, சீ, தூ என்று சொல்லிக்கொண்டு. மிச்சமிருப்பதையும் அடித்துக்கொண்டு போகட்டும் என்று ஐந்தாவது போத்தலும் ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாள் அவள் தலை வெடிக்கிறது என்றாள். குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் காலை நான் உள்ளே போனபோது என்னை உற்றுப் பார்த்தாள். பார்வை வேறு எங்கோ இருந்தது.

“கங்காணி” என்றாள்.

“யாரடி கங்காணி? நான்தான்.”

“கங்காணி, கொஞ்சம் ஒதுங்கிட்டு வரட்டா? ரொம்ப முட்டுதுங்க கங்காணி. வந்து இந்த நிரைய முடிச்சிர்றேன்.”

இருபத்தெட்டு வருஷத்தில் மலையில் ஒருநாளும் யாரிடமும் அவள் அதைக் கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெளியே ஓடி ஆள் கூப்பிட்டேன்.

லயத்தில் லீவில் இருந்த நாலு பேர் நாற்காலியில் வைத்து அவளை ரோட்டுக்குத் தூக்கினார்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த யோக்கியதையில் வந்ததோ அந்தக் கோபம். ஒரு வேன் பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டொக்டர் ஒரு சின்னப்பெண். நம் பேச்சுதான் பேசினாள். என் மகள் வயதுதான் இருக்கும். இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, மாத்திரைகளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“எவ்வளவு தண்ணி குடுத்தீங்க ஐயா?”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். “நாலு பெரிய போத்தல். கடைசி ரெண்டு நாளும் அஞ்சு.”

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “ஏழரை லீட்டரா? எதுக்கு?”

“வெளிய போகலைங்க டொக்டர். எளகட்டும்னு.”

அவள் திரைக்குப் பின்னே போனாள். ஒரு நர்ஸ் மிஸ்ஸி கூடப் போனாள். டொக்டர் என்னையும் வரச்சொன்னாள், மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள. கையுறை போட்டு, ஏதோ களிம்பு தடவி, டொக்டர் விரலைவிட்டுப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கல்லா இருக்கு. வாசல்லயே அடைச்சு நிக்கிது. நீங்க பாத்த தண்ணி, இதச் சுத்தி கசிஞ்சு வந்தது ஐயா. வயித்தால போனதில்ல. அடைப்பு அப்படியேதான் இருக்கு.”

என் மனைவி அன்றைக்கே சொன்னாள், கல்லு மாதிரி ஒன்று நிற்கிறதென்று. நான் பன்னீரா என்று கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விரலால் உடைத்து எடுத்தார்கள். நான் பார்க்கக்கூடாது என்றுதான் நின்றேன், நாற்றத்தை என்ன செய்வது? ஓடிவிடலாம் என்று திரும்பினேன். அப்போது அந்த டொக்டர் பெண்ணின் முகம் கண்ணில் பட்டது. அதில் ஒன்றுமே இல்லை. சுளிப்பு இல்லை, சலிப்பு இல்லை. “இன்னும் கொஞ்சந்தாம்மா, மூச்ச மெதுவா விடுங்க” என்று சொல்லிக்கொண்டே, மரக்கறி அரிகிறவள் மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடவில்லை. மிச்சத்துக்கு எனிமா கொடுத்தார்கள்.

இரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கியிருந்தது. அதனால்தான் தலைவலி, வாந்தி, என்னைக் கங்காணி என்றது. அந்தப் பிரஷர் மாத்திரை உப்பை மூத்திரத்தோடு தள்ளுகிற ஜாதியாம். அதோடு சாப்பாடும் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தம் நீர்த்துப்போகாமல் என்ன செய்யும்? அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். முதல் நாள் அவளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர்தான் என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டார்கள். உப்பை ஒரேயடியாக ஏற்றக்கூடாதாம், மெதுவாகத்தான் ஏற்றவேண்டுமாம். இன்னும் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், ஆளே போயிருக்கலாம் என்றாள் டொக்டர். தண்ணீரால் ஆள் போகுமா? நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் டொக்டரிடம் கேட்டேன். “முதல்ல குடுத்தப்ப தண்ணி வேல செஞ்சுதே டொக்டர்?”

“செய்யும். அப்ப அவங்களுக்கு ஒடம்புல தண்ணி கொறவு. கொறவா இருந்தா கொடல் மலத்துல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சி எடுத்துக்கும், இறுகிடும். கொறவ நிரப்பினா கொஞ்சம் எளகும். நிரம்பின பொறகு நீங்க ஊத்துறது கொடலோட அடிக்குப் போகாது. மேலயே ரத்தத்துல சேந்து, கிட்னி வழியா மூத்திரமாப் போயிரும். நீங்கதான தூக்கி ஊத்தினீங்க, பாக்கலையா?”

“பாத்தேன்.”

“மூத்திரம் வெளிர் மஞ்சளா இருந்தாப் போதும். அவங்களுக்கு எட்டுக் கோப்ப, சாயத்தண்ணி, கஞ்சி எல்லாம் சேத்து. இருதயம், கிட்னி சரியில்லாத ஆளுகளுக்கு அதுவும் கூடுதலா இருக்கலாம், கேட்டுத்தான் குடுக்கணும். அதுக்கு மேல ஊத்தி மலம் எளகாது ஐயா. இவங்களுக்குக் கொடலக் கட்டினது இந்த வலி மாத்திர. கொடீன் கலந்தது. அசையாமப் படுத்திருக்கிறது இன்னொண்ணு. வேற மாத்திர தர்றேன். மலத்துக்குள்ள தண்ணிய இழுத்து வைக்கிற பாணி மருந்து ஒண்ணு இருக்கு, அதையும் தர்றேன். அதுதான் வேல செய்யும், போத்தல் இல்ல.”

தலையாட்டினேன். மாத்திரைமேல் பழி போனதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குப் புத்தி முழுசாகத் தெளிந்திருந்தது. டொக்டர் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே.

“அம்மா, முட்டினப்ப போனீங்களா, அடக்கினீங்களா? உண்மையச் சொல்லுங்க. அடக்க அடக்க அது உள்ளயே காஞ்சு கல்லாயிரும். அப்பறம் என்ன குடிச்சும் பிரயோசனமில்ல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. டொக்டரிடம்தான் சொன்னாள்.

“அடக்கினேன்மா. மொத வாரமே முட்டுச்சு. ரெண்டு தடவ, மூணு தடவ நல்லா முட்டுச்சு. இவரு ஒண்ணுக்குப் பெட்பேன எடுக்கவே மூஞ்சிய அப்படி வச்சாரு. இதுக்கு எப்படி வப்பாருன்னு நெனச்சேன். மலையில அடக்கின எனக்கு இது பெருசா? அடக்கிக்கிட்டேன். பொறகு கேட்டாலும் வரல.”

டொக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வார்ட்டில் இருந்த அத்தனை பேரும் என் மூஞ்சியையே பார்க்கிறமாதிரி இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“என்னன்னு சொல்ல?” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் ஓட்டை அறுத்தேன். அடியில் வாளி. மாக்கட்டுக் காலை நீட்டிவைக்க ஒரு பலகை. டொக்டர் சொன்னபடி காலையில் சாப்பிட்டு, சாயத்தண்ணி குடித்த கொஞ்ச நேரத்தில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அவசரப்படுத்தக்கூடாது, கூப்பிட்டால்தான் போகவேண்டும். தண்ணீர் எட்டுக் கோப்பைதான், சாயத்தண்ணியும் கஞ்சியும் அதில் அடக்கம். பாணி காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆச்சுங்க.”

உள்ளே போனேன். அவள் வாளியைப் பார்க்கவில்லை. என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அருவருப்பு போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அது எங்கே போகும்? நாற்றம் நாற்றம்தான். வயிற்றிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வந்ததைத் தொண்டையிலேயே நிறுத்தினேன். துவாயைக் கட்டவில்லை. அவளைத் துடைத்துவிட்டேன், கையாலேயே. படுக்கவைத்தேன். “நல்லாப் போயிருக்கு” என்றேன், மழை விட்டிருக்கு என்று சொல்கிற குரலில். வாளியை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் கதவைத் தாண்டினேன். முப்பது படி இறங்கி, கக்கூசுக் கதவைத் தாழ்போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தேன்.

முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தேன். அவள் என் கண்களைப் பார்த்தாள். சிவந்திருக்கும் போல.

“வாந்தி எடுத்தீங்களா?”

“இல்லையே.”

அவள் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நாளைக்கும் முட்டும். நான் அடக்கமாட்டேன்” என்றாள்.

“அடக்காத” என்றேன்.